அண்ணனுக்கு ஜலதோஷம், தம்பிக்கு ஆக்ஸிஜன்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 63 வயது. இருபத்தைந்து வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவள். இளைப்பு உண்டு, இன்ஹேலர் எடுக்கிறேன், சர்க்கரையும் இருக்கிறது. எல்.கே.ஜி. படிக்கும் மூத்த பேரனுக்கு முதலில் ஜலதோஷம் வந்தது. பிறகு மகளுக்கும் எனக்கும் வந்தது. ஏழு வாரத்துச் சின்னப் பேரனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்கு ஒழுகியது. செவ்வாயன்று காட்டினோம், சாதாரண ஜலதோஷம் என்றார்கள். புதன் இரவு பால் சரியாகக் குடிக்கவில்லை. வியாழன் விடியற்காலை நெஞ்சு குழிந்து மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள், ஆர்.எஸ்.வி. என்றார்கள். ஆன்டிபயாட்டிக் ஊசியும் போடவில்லை, ஆவி மருந்தும் வைக்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறான். எனக்குத்தான் மூன்று வாரமாக இருமல் போகவில்லை. அதே கிருமிதானா? பிள்ளைக்கு வந்ததை முதலிலேயே கண்டுபிடித்திருக்க முடியாதா? அடுத்த மாதம் ஞானஸ்நானம் வைத்திருக்கிறோம், உறவுக்காரர்கள் எல்லாம் வருவார்கள். வைக்கலாமா? டிஸ்சார்ஜ் தாளின் நகலை இணைத்திருக்கிறேன்.
– ஒரு பாட்டி, கருங்கல் பக்கம்

பதில்: செவ்வாய்க்கிழமை பேரனைப் பார்த்த டாக்டர்மேல் வருத்தம் வேண்டாம், அம்மா. அன்று என்னிடம் கொண்டுவந்திருந்தாலும் ஜலதோஷம் என்றுதான் சொல்லியிருப்பேன். மூக்கு ஒழுகுகிறது, தும்முகிறான், லேசாக இருமுகிறான், பால் குடிக்கிறான். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் முதல் இரண்டு மூன்று நாள் இவ்வளவுதான் காட்டும். ஜலதோஷம் உண்டாக்கும் வேறு வைரஸ்களும் இதையேதான் காட்டும். அந்த நாளில் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தாலும் மூக்கடைப்பின் கரகரப்பு எதிரொலிக்குமே தவிர, நுரையீரலில் ஒன்றும் கேட்காமல் போகலாம். பார்த்தவுடன் பிரித்துச் சொல்லும் கண் எந்த டாக்டருக்கும் கிடையாது.

ஆனால் அன்று உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். "இது மூன்றாம் நாள். நாளையும் மறுநாளும்தான் இது கூடும் நாட்கள். இந்த இரண்டு இரவும் பிள்ளையின் பாலையும் மூச்சையும் கவனியுங்கள்" என்று. சொல்லாமல் விடுவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே விட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஆறு வாரக் குழந்தை ஒன்றை மூக்கு ஒழுகலின் இரண்டாம் நாளில் பார்த்து, மூக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து, "பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டேன். நான்காம் நாள் இரவு அந்தக் குழந்தையை உதடு நீலம் பாய்ந்த நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டது. "பயப்பட ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னதால்தான் விடியட்டும் என்று இருந்தோம்" என்று அந்தத் தாய் சொன்னதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குக் கீழ்ப்பட்ட எந்தக் குழந்தையின் ஜலதோஷத்துக்கும் அந்த வாக்கியத்தை நான் உபயோகிப்பதில்லை. ஜலதோஷம் எத்தனையாவது நாள் என்று கேட்டு, அதைச் சீட்டின் ஓரத்தில் எழுதிக்கொடுக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒரே கிருமி நான்கு பேரைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. யாருக்குச் சோதனை செய்தார்கள் என்று பார்த்தால் சின்னவனுக்கு மட்டும்தான். மற்ற மூவருக்கும் அதே வாரத்தில் வரிசையாக வந்ததால் அதே கிருமி என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. உடம்பில் புகுந்து நான்கிலிருந்து ஆறு நாளில் பெரும்பாலும் வெளிப்படும். மூத்தவனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒட்டி, அவன் கையிலிருந்தும் தும்மலிலிருந்தும் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. மூத்தவனுக்கு மூன்று நாள் மூக்கு ஒழுகல். மகளுக்குத் தொண்டை வலியும் அசதியும். உங்களுக்கு மூன்று வார இருமல். தம்பிக்கு ஆக்ஸிஜன். எந்தக் கிருமி என்று கேட்பதைவிட யாருடைய உடம்பில் என்று கேட்டால் இந்த நோயின் பாதி விளங்கிவிடும்.

இந்த வைரஸை 1956-இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடத்துச் சிம்பன்சிக் குரங்குகளுக்கு ஜலதோஷம் வந்தபோதுதான் முதலில் பிரித்தெடுத்தார்கள். 'சிம்பன்சி ஜலதோஷக் கிருமி' என்றே அப்போது பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே மூச்சுத் தொல்லையோடு வந்த மனிதக் குழந்தைகளிடம் அதே கிருமி அகப்பட்டது. மூச்சுக்குழாயின் உட்பக்கத்துச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்கிவிடும் குணத்தால் 'ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்' என்று பெயர் மாறியது. அதன் சுருக்கம்தான் ஆர்.எஸ்.வி. இரண்டு வயது முடிவதற்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துபோகும். ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்கிற தட்டம்மைக் கணக்கு இதற்குக் கிடையாது. இது வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். உங்கள் 63 வயதில் எத்தனை முறை வந்து போயிற்றோ, ஒவ்வொரு முறையும் ஜலதோஷம் என்றே கடந்திருப்பீர்கள்.

இனிச் சின்னவனின் உடம்புக்கு வருவோம். பெரியவர்களிடம் இந்தக் கிருமி பெரும்பாலும் மூக்கோடும் தொண்டையோடும் நின்றுவிடும். கைக்குழந்தைகளில் சிலருக்கு அது மூன்றாம் நாள் வாக்கில் கீழே இறங்கி, நுரையீரலின் கடைசிக் கிளைகளான மிகச் சிறிய மூச்சுக்குழல்களுக்குப் போகிறது. அங்கே உட்சுவர் வீங்குகிறது. செத்த செல்கள் உதிர்ந்து சளியோடு சேர்ந்து அடைப்பாகின்றன. உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் 'பிராங்கியோலைட்டிஸ்' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

பப்பாளி இலைத் தண்டை ஒடித்துக் குழலாக ஊதி விளையாடியிருப்பீர்கள். பருத்த தண்டில் உட்பக்கம் கொஞ்சம் சேறு அப்பியிருந்தாலும் காற்று தாராளமாகப் போகும். மெல்லிய தண்டில் அதே அளவு சேறு அப்பினால் கன்னம் வலிக்க ஊத வேண்டும். இதில் ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. சீராகக் காற்று ஓடும் குழலின் அகலம் பாதியானால் அதில் காற்றைத் தள்ளுவதற்கான சிரமம் இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. மூத்தவனுக்கும் உங்களுக்கும் ஒரு பொருட்டாகவே இல்லாத வீக்கம், ஏழு வாரக் குழந்தைக்கு மலை ஏறுவதுபோல் ஆவது இதனால்தான்.

உங்கள் பேரனுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டிஸ்சார்ஜ் தாளின் இரண்டாவது வரியில் 35 வாரத்தில் பிறந்தவன் என்று இருக்கிறது. நீங்கள் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை; சுகப்பிரசவம், பிள்ளையும் தேறிவிட்டான் என்பதால் பெரிதாகத் தோன்றியிருக்காது. ஆனால் தாயின் இரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்கு அதிகமாகப் போவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். ஐந்து வாரம் முன்னால் பிறந்தவன் அந்தச் சீதனத்தில் ஒரு பங்கை வாங்காமலே வந்துவிட்டான். நாள்காட்டிப்படி அவனுக்கு ஏழு வாரம். பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் இரண்டே வாரம். அவனுடைய ஜலதோஷத்தை இரண்டு வாரப் பச்சைக் குழந்தையின் ஜலதோஷமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். செவ்வாயன்று அந்த டாக்டரிடம் "மாதம் முந்திப் பிறந்தவன்" என்று யாராவது சொன்னீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. இனி எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

அடுத்து, நீங்கள் கேட்ட புதன் இரவு. முதல் அறிகுறி அன்றே வந்துவிட்டது. நீங்களே எழுதியும் இருக்கிறீர்கள், பால் சரியாகக் குடிக்கவில்லை என்று. கைக்குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும்; வாயால் விடத் தெரிய சில மாதங்கள் ஆகும். பால் குடிப்பது என்பது உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யும் வேலை. மூச்சுக்கே நேரம் போதாதபோது குழந்தை மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறது. பசியோடு முலையைக் கவ்வும், நான்கு உறிஞ்சு உறிஞ்சும், விட்டுவிட்டு முகத்தைத் திருப்பும், நெற்றி வியர்க்கும், மறுபடி அழும். வயிற்றுப் பொருமல் என்று நினைத்து ஓம வாட்டர் கொடுக்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை என்றால் அன்றே, அந்த இரவிலேயே டாக்டரிடம் போக வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அளவு எப்படித் தெரியும் என்றால், நனைந்த துணியை எண்ணுங்கள். ஆறு மணி நேரமாக ஒரு துணியும் நனையவில்லை என்றால் பால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, மூச்சை எண்ணுவது. இதை நான் ஒவ்வொரு பாட்டிக்கும் நேரில் செய்து காட்டுகிறேன். உங்களுக்கு எழுதியே காட்டுகிறேன். பிள்ளை தூங்கும்போதோ அழாமல் கிடக்கும்போதோ சட்டையைக் கழுத்துவரை தூக்கிவிடுங்கள். விளக்கைப் போடுங்கள். தொப்புளுக்கு மேலே, விலா முடியும் இடத்தில் கண்ணை வையுங்கள். மகள் கைப்பேசியில் ஒரு நிமிடம் ஓடவிடட்டும். வயிறு ஒரு முறை எழும்பி இறங்கினால் ஒன்று. வாய்விட்டு எண்ண வேண்டாம், பிள்ளை விழித்துக்கொள்ளும், விரலை மடக்குங்கள். முழு நிமிடமும் எண்ண வேண்டும். பச்சைக் குழந்தைகள் வேகமாகப் பத்து மூச்சு விட்டு, ஐந்து வினாடி சும்மா கிடந்து, மறுபடி விடும். அது அவர்களின் இயல்பு. பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தவறும். ஒரு முறை அதிகமாக வந்தால் சற்று நேரம் விட்டு மறுபடி எண்ணுங்கள்.

இரண்டு மாதம் முடியாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆஸ்பத்திரி. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுவரை 50. ஒரு வயதைத் தாண்டி ஐந்து வயதுவரை 40. உங்கள் பேரன் வியாழன் காலை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது 68 என்று தாளில் இருக்கிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் 88 சதவீதம். புதன் இரவு பத்து மணிக்கு எண்ணியிருந்தால் 60-ஐத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த ஆறு ஏழு மணி நேரம் கிடைத்திருக்கும். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. யாரும் உங்களுக்கு எண்ணச் சொல்லித்தரவில்லை.

சட்டையைத் தூக்கியதும் எண்ணிக்கைக்கு முன்பே கண்ணில் படக்கூடியது, நீங்கள் வியாழன் விடியற்காலை பார்த்த அந்தக் குழிவு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழும். கூடவே மூக்குத் துவாரம் விரியும். சில பிள்ளைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் தலையை ஆட்டுவார்கள். மூச்சை விடும்போது முனகுவார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள். உதடோ நாக்கோ நீலமானால், அல்லது பிள்ளை துவண்டு கிடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும் வழியில் வாயில் பால் புகட்ட வேண்டாம், புரையேறிவிடும்.

இன்னொரு விபரீதமும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில், முக்கியமாக மாதம் முந்திப் பிறந்தவர்களில், மூச்சு வாங்குவதற்குப் பதிலாக மூச்சு நின்று நின்று வருவதே முதல் அடையாளமாக இருக்கலாம். இருமலே பெரிதாக இருக்காது. இருபது வினாடி மூச்சில்லை, அல்லது அதற்குக் குறைவாக நின்றாலும் முகம் வெளுக்கிறது, நீலமாகிறது என்றால் அது மேலே சொன்ன இயல்பான இடைவெளி கிடையாது. அதேபோல் மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் சுரம் இருந்தால், ஜலதோஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே டாக்டர் பார்த்தாக வேண்டும். வீட்டில் இருக்கும் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியைப் பிள்ளையின் விரலில் மாட்டிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். அது பெரியவர் விரலுக்குச் செய்தது. பிஞ்சு விரலில் தோன்றியபடி எண் காட்டும்.

ஆஸ்பத்திரியில் ஊசியும் ஆவியும் வைக்கவில்லை என்று உங்களுக்கு ஒரு குறை. என் பார்வையில் அது நல்ல ஆஸ்பத்திரி. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆவி வழியே கொடுக்கும் மருந்து, இறுகிப்போன மூச்சுக்குழல் தசையைத் தளர்த்துவது. உங்கள் இளைப்பில் தசை இறுகுகிறது, அதனால் உங்களுக்குக் கேட்கிறது. பேரனின் குழலை அடைத்தது சளியும் வீக்கமும். அங்கே தளர்த்த எதுவும் இல்லை. ஸ்டீராய்டும் அப்படியே. இந்த நோய்க்கு மருந்து, பிள்ளை தானாகத் தேறும்வரை மூச்சுக்கும் பாலுக்கும் முட்டுக் கொடுப்பதுதான். தாளில் இருப்பதைப் படித்தால் அதைத்தான் செய்திருக்கிறார்கள். மூக்குச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். மூக்கு வழியே ஆக்ஸிஜன் இரண்டரை நாள். மூச்சு வாங்கியபோது வாயால் கொடுக்காமல், பீய்ச்சி எடுத்த தாய்ப்பாலை மெல்லிய குழாய் வழியே வயிற்றுக்குள் விட்டார்கள். சனிக்கிழமை பகலில் ஆக்ஸிஜனை எடுத்தார்கள். முலையில் முழுதாகக் குடிக்கிறானா, தூங்கும்போதும் ஆக்ஸிஜன் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திங்களன்று அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் இருமல் இருக்கும் என்று கடைசி வரியில் எழுதியும் இருக்கிறார்கள். அடுத்த ஜலதோஷங்களில் அவனுக்கு நெஞ்சில் விசில் சத்தம் வரலாம். அப்படி வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆஸ்துமா வந்துவிடுவதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பால் கொடுக்கும் முன் இரண்டு மூக்கிலும் ஓரிரு சொட்டு சலைன், அதாவது உப்புநீர்ச் சொட்டு. மருந்துக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரேமாதிரிப் புட்டிகள் இருக்கும்; மூக்கடைப்பைச் சுருக்கும் மருந்துச் சொட்டும் அதில் ஒன்று. அது கைக்குழந்தைக்கு ஆகாது. புட்டியில் சோடியம் குளோரைடு என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

செய்யக்கூடாததுதான் நம் பக்கத்தில் நீளம். இருமல் சிரப் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், ஜலதோஷ மருந்துகளை எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககமே 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதை விடுங்கள். கற்பூரம் பிஞ்சு உடம்பில் வலிப்பையே வரவழைக்கக்கூடியது. குளிப்பாட்டி முடித்து மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் பழக்கத்தையும் விடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வர வழியில்லை. சாம்பிராணிப் புகையைப் பற்றிச் சொன்னால் என்மேல் கோபப்படாத பாட்டியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன். சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு, அந்தப் புகையின் மேல் பிள்ளையைக் காட்டுவது, வீங்கிக்கிடக்கும் குழலுக்குள் இன்னும் கொஞ்சம் வீக்கத்தை அனுப்புவதுதான். தலை காயத் துண்டு போதும். விறகடுப்பு எரியும் நேரத்தில் பிள்ளை அடுக்களைப் பக்கம் இருக்க வேண்டாம்.

இனி உங்கள் இருமல். அது அதே கிருமிதான் என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். இப்போது சோதித்தால் அநேகமாக இல்லை என்றே வரும். பெரியவர்களின் மூக்கில் இந்த வைரஸ் குழந்தைகளிடம் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும், சீக்கிரம் குறைந்தும்விடும். உடனடி முடிவு தரும் பட்டைச் சோதனை முதல் வாரத்திலேயே ஏமாற்றிவிடும், பி.சி.ஆர். சோதனைதான் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தாலும் இதற்கென்று உங்களுக்குக் கொடுக்க மாத்திரை கிடையாது. பிறகு பெரியவர்களுக்குச் சோதனை எதற்கு என்றால், இதேபோல் தோன்றும் இன்ஃப்ளூயன்ஸாவைப் பிரித்தறிய. அதற்கு மருந்து உண்டு, அதுவும் முதல் இரண்டு நாளில் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். இளைப்போ இருதய நோயோ உள்ள ஒருவர் ஜலதோஷத்தின் இரண்டாம் நாளே மூச்சு வாங்க வந்தால் அந்தச் சோதனையை நான் தள்ளிப்போடுவதில்லை.

முந்திரி வறுக்கும் புகையையும் விறகடுப்புப் புகையையும் இருபத்தைந்து வருடம் குடித்த நெஞ்சு உங்களுடையது. பீடி, சிகரெட் தொடாத பெண்களுக்கு நம் மாவட்டத்தில் நான் பார்க்கும் இளைப்பில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். ஏற்கெனவே குறுகி, எரிச்சலாக இருக்கும் குழலுக்குள் இந்த வைரஸ் வந்தால் கிருமி போன பிறகும் எரிச்சல் அடங்க வாரக்கணக்காகும். மூன்று வார இருமல் அதனால் என்னை ஆச்சரியப்படுத்தவில்லை. ஆனால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வர வேண்டும். நின்ற இடத்தில் நின்றாலோ, சளி மஞ்சளாகி அளவு கூடினாலோ, எடை குறைந்தாலோ, மாலையில் சுரம் வந்தாலோ வைரஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்ய வேண்டும். காசநோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் யாருடைய மூன்று வார இருமலையும் நான் விடுவதில்லை. ஆகவே அந்த இரண்டையும் இந்த வாரமே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தக்கலை அரசு மருத்துவமனையிலோ கேட்டுச் செய்துவிடுங்கள்.

இன்ஹேலரை எப்படி எடுக்கிறீர்கள் என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். இளைப்பு வரும்போது மட்டும் நீல நிறத்தை அடித்துவிட்டு, தினமும் எடுக்கச் சொன்னதை அலமாரியில் வைத்திருப்பவர்கள் பத்தில் பாதி. மருந்து வாயிலேயே தங்காமல் நெஞ்சுக்குப் போக ஸ்பேசர் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இளைப்பு கூடி டாக்டர் ஐந்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால் தயங்காமல் சாப்பிடுங்கள்; ஆனால் அந்த ஐந்து நாளும் சர்க்கரை ஏறும், மாலை நேரச் சர்க்கரையைப் பாருங்கள்.

வயதானவர்களுக்கு இந்தக் கிருமி சுரம் இல்லாமலே வரலாம். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, கால் வீங்குகிறது, வழக்கமில்லாத குழப்பமும் தூக்கமும் என்றால் ஜலதோஷம் என்று வீட்டில் இருக்கக் கூடாது. அந்த விரல் கருவி உங்களுக்கு உதவும். நன்றாக இருக்கும் நாளில் உங்கள் எண் எவ்வளவு என்று இன்றே பார்த்து எழுதிவையுங்கள். பழைய இளைப்புக்காரர்களுக்கு அது சாதாரணமாகவே 92, 93 என்று இருக்கலாம். அதிலிருந்து மூன்று நான்கு இறங்கினால்தான் சேதி. உங்களைப் போலவே கண்காணிக்க வேண்டியவர்கள் இருதயம் பலவீனமானவர்கள், சிறுநீரக நோயாளிகள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், எழுபத்தைந்தைத் தாண்டிய எல்லோரும். குழந்தைகளில் மூன்று மாதத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள், மாதம் முந்திப் பிறந்தவர்கள், பிறவியிலேயே இருதயக் கோளாறு உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள்.

வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் உறவுக்காரர் யாராவது இதற்கு ஊசி இருக்கிறதே என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான். 2023-இல் அமெரிக்காவில் முதியவர்களுக்கும், 32-லிருந்து 36 வாரக் கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசிகள் வந்தன. கைக்குழந்தைக்கு நேராகவே எதிர்ப்புப் பொருளைச் செலுத்தும் ஊசியும் வந்தது. நம் நாட்டின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஆர்.எஸ்.வி.க்கு ஊசி சேர்க்கப்படவில்லை. ஆறாவது வாரத்தில் போடவேண்டிய ஊசிகள் ஆஸ்பத்திரி வாசத்தால் தள்ளிப்போயிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். அதில் நிமோகாக்கல் ஊசியும் உண்டு. அது இந்த வைரஸைத் தடுக்காது, வேறு வகை நிமோனியாவைத் தடுக்கும்.

ஞானஸ்நானத்தை வையுங்கள், அம்மா. அதற்குள் பிள்ளைக்கு மூன்று மாதம் நெருங்கும், இருமலும் போயிருக்கும். ஆனால் மழைக்காலத்தில்தான் இந்தக் கிருமி நம் பக்கத்தில் அதிகமாகச் சுற்றுகிறது, நமக்கோ மழை ஆனியிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு. வந்தவனுக்கே மறுபடி வரலாம் என்பதையும் மேலே சொன்னேன். கோயிலில் ஞானப்பெற்றோர் தவிர வேறு யார் கைக்கும் பிள்ளை போக வேண்டாம். விருந்து நடக்கும் ஹாலுக்குள் கொண்டுபோகாமல் மகளோடு உள்ளறையில் இருக்கட்டும். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வையுங்கள். இந்தக் கிருமி முத்தத்தால் மட்டுமல்ல, கையாலும் பயணப்படுகிறது, மேசையிலும் தொட்டில் கம்பியிலும் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். ஜலதோஷம் பிடித்த உறவுக்காரர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். டாக்டர் யாரையும் தொடவிடக் கூடாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று என்மேல் பழியைப் போடுங்கள், இந்தப் பக்கத்தையே வெட்டி வாசலில் ஒட்டினாலும் சரி. மூத்தவனுக்கு அன்று மூக்கு ஒழுகினால் அவனை மட்டும் அதட்டி ஒதுக்கிவைக்க வேண்டாம். தம்பியின் பாதத்தை மட்டும் தொட்டுக்கொள்ளலாம், முகத்தைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் அந்த ஒப்பந்தத்தைப் பெரியவர்களைவிட ஒழுங்காகக் காப்பாற்றுகிறார்கள்.